தொப்பியும் இல்ல, ரேங்க்கும் இல்ல: ஒரு கோச்சிங் சென்டர் பேனர் செஞ்ச கதை

போட்டித் தேர்வுக்கு சொல்லிக்கொடுக்குற ஒரு சின்ன சென்டருக்கு பேனரும் நோட்டீஸும் முடிச்சு குடுத்தாச்சு, பேனர் மாட்டியும் ஆச்சு. நடத்துற சார் ஆரம்பத்துலயே ரெண்டு விஷயம் சொல்லிட்டார். பட்டமளிப்பு தொப்பி வேண்டாம், நம்மகிட்ட இல்லாத ரிசல்ட்ட போட வேண்டாம். படிக்கிற பசங்க தெரியணும், பாக்குறவங்களுக்கு ஒரு நம்பிக்கை வரணும், அவ்ளோதான் அவர் கேட்டது. வேலைய எடுத்ததும் தான் புரிஞ்சுது, இந்த மாதிரி விளம்பரத்துல தொப்பியும் ரேங்க்கும் தான் பாதி இடத்த அடைச்சிட்டு இருக்கும், அத ரெண்டையும் எடுத்துட்டா அங்க என்ன வெக்கிறதுங்கிற கேள்வி வந்துடும். அதுக்கு கிடைச்ச பதில வரிசையா எழுதுறேன், இதே வேலைய பண்றவங்களுக்கு உதவும்.

தொப்பி ஏன் பொருந்தாதுன்னு முதல்ல. அது டிகிரி முடிச்ச அன்னிக்கு போடுறது. இங்க வர்றவங்கள்ல நிறைய பேர் ஏற்கனவே டிகிரி முடிச்சவங்க, அவங்க எழுதப்போறது வேலைக்கான தேர்வு, அதுல பாஸ் ஆனா கைக்கு வர்றது ஒரு ஆர்டர், தொப்பி இல்ல. அதனால அந்த படம் அவங்களுக்கு எதையுமே சொல்லாது. சூரிய உதயம், ஏணி, மேல போற அம்புக்குறி, கைய மடக்கி தூக்குற பையன், இதெல்லாமும் அதே கணக்கு தான், அந்த வகுப்பறைக்குள்ள எந்த நாளும் நடக்காத விஷயம். அந்த ரூமுக்குள்ள நிஜமா நடக்குற ஒன்ன தான் எடுக்கணும்னு முடிவு பண்ணி, கேமரா இல்லாம போய் கடைசி பெஞ்சுல உக்காந்தேன்.

பாடம் நடத்துற நேரத்துல எடுக்க பெருசா ஒன்னும் இல்ல, எல்லாரும் போர்ட பாத்துட்டு இருப்பாங்க, எந்த சென்டர்லயும் அப்படித்தான் இருக்கும். ஆனா வாரத் தேர்வு பேப்பர திருப்பிக்குடுக்குற மணி நேரம் வேற மாதிரி இருந்துச்சு. பேப்பர வாங்குறாங்க, மார்க்க பாக்குறாங்க, முகம் சுருங்குது, அப்புறம் சிவப்பு வட்டம் போட்ட கணக்கு பக்கத்துக்கு போறாங்க. சார் பெஞ்சு பெஞ்சா வந்து நின்னு "தப்பு எங்கன்னு பாத்துடலாம்"னு ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்றார், அது அவர் வாயில தானா வர்ற வார்த்தை. ஒரு பொண்ணு ஒரு கணக்க பாத்துட்டே இருந்துச்சு, பழைய விடைய ஒரே கோடா அடிச்சுது, கீழ மூணு வரி எழுதுச்சு, அந்த மூணாவது வரி முடிஞ்சதும் தோள் லேசா கீழ இறங்குச்சு. சிரிக்கல, கைய தூக்கல. ஆனா அத பாத்த எனக்கு, இந்த பொண்ணு அடுத்த தடவ இந்த கணக்க விடாதுன்னு தெரிஞ்சுது. விளம்பரத்துக்கு வேண்டிய படம் அது தான்.

அந்த கணக்கையும் சொல்லிடறேன், ஏன்னா பேனர்ல அது தான் இருக்கு. ஒரு பொருளோட விலைய 20% ஏத்தி, அப்புறம் 20% இறக்குனா கடைசி விலை என்ன ஆகும்? அவசரத்துல எல்லாரும் எழுதுறது "மாற்றம் இல்லை". ஆனா ஏத்துனது 100 மேல, இறக்குறது 120 மேல, 120ல 20% 24 போயிடும், அதனால 100 → 120 → 96, மொத்தத்துல 4% குறைவு. நோட்டுல மேல "மாற்றம் இல்லை"ன்னு எழுதி அடிச்சிருக்கு, கீழ 100 → 120 → 96. கணக்கு தெரியாதவங்களுக்கு கூட "ஒன்ன அடிச்சிட்டு வேற எழுதிருக்காங்க"ன்னு புரியும், தெரிஞ்சவங்க ஒரு நொடி நின்னு சரிபாப்பாங்க. நோட்டு பக்கத்த படத்துல காட்டுறதா இருந்தா கணக்கு சரியா இருக்கான்னு சொல்லிக்கொடுக்குறவங்கள வெச்சு பாத்துக்கணும், படிக்கிற பசங்க அத கண்டிப்பா போட்டுப்பாப்பாங்க, தப்பா இருந்தா மொத்த விளம்பரமும் அங்கயே போச்சு.

போட்டோ எடுக்குறதுக்கு முன்னாடி சம்மதம். சார் வாய்ல கேட்டா போதும்னு சொன்னார், நான் ஒரு பக்க தாள்ல எழுதி வாங்கிட்டேன். படம் எங்க வரும் (பேனர், நோட்டீஸ், போன்ல அனுப்புற படம்), எவ்ளோ காலம் வரும், பேர் போடமாட்டோம், மார்க்கோ ரேங்க்கோ கூட போடமாட்டோம், வேண்டாம்னு சொன்னா படிப்புக்கு எந்த பாதிப்பும் இல்ல, அவ்ளோதான் அதுல இருக்கு. 18 வயசு ஆகாதவங்களுக்கு வீட்ல பெரியவங்க கையெழுத்து. வேண்டாம்னு சொன்னவங்கள அந்த நேரம் கேமராவுக்கு பின்னாடி இருக்குற பெஞ்சுல உக்கார வெச்சோம், அவங்களும் வகுப்ப விடாம கவனிச்ச மாதிரி ஆச்சு.

முதல் சுத்துல எடுத்த படம் எதுவுமே தேறல, காரணம் மூணு. ஒன்னு, "கவனமா படிக்கிற மாதிரி இருங்க"ன்னு சொல்லி எடுத்தது. அப்படி சொன்னா எல்லாருக்கும் புருவம் நெரியும், பேனா தாடைக்கு போகும், முதுகு நேரா நிமிரும். நிஜமா யோசிக்கிறவங்க முதுகு வளைஞ்சு தான் இருக்கும், உதடு லேசா அசையும், ஒரு விரல் வரிய விட்டுடாம புத்தகத்துல அழுத்திட்டு இருக்கும். ரெண்டு, நின்னுட்டே எடுத்தது. குனிஞ்சு எழுதுறவங்கள நின்ன உயரத்துல இருந்து எடுத்தா தலைமுடி தான் தெரியும், கண் மூடியிருக்க மாதிரி வரும், தூங்குற வகுப்பு மாதிரி ஆயிடும், அதோட மேல இருந்து கண்காணிக்கிற பார்வையும் வந்துடும். மூணு, எல்லா டியூப் லைட்டும் எரிஞ்சது. ஜன்னல் வெளிச்சமும் டியூப் வெளிச்சமும் கலந்தா முகத்துல ஒரு பக்கம் நீலமாவும் ஒரு பக்கம் பச்சையாவும் அடிக்கும், அத கம்ப்யூட்டர்ல சரி பண்ண போனா தோல் நிறம் கெட்டுப்போகும்.

அடுத்த சுத்துல மூணையும் மாத்தினோம். சார் நடிக்க சொல்லல, பேப்பர நிஜமாவே திருப்பிக்குடுத்தார். குடுத்த உடனே நான் எடுக்க ஆரம்பிக்கல, முதல் அஞ்சு நிமிஷம் எல்லார் கண்ணும் கேமரா மேல ஓரமா வந்துட்டே இருக்கும், கணக்குக்குள்ள போனதும் அது நின்னுடும், அதுக்கப்புறம் தான் ஷட்டர். டியூப் லைட்ட மொத்தமா அணைச்சிட்டு, இடது பக்கம் ஜன்னல் இருக்குற வரிசையில வலது கையால எழுதுறவங்கள உக்கார வெச்சோம். வெளிச்சம் இடது பக்கம் இருந்து வந்தா எழுதுற கையோட நிழல் எழுத்து மேல விழாது, கேமராவும் இடது முன்பக்கமா இருந்தா கை நோட்ட மறைக்காது, முகமும் நோட்டும் ஒரே படத்துல வரும். இடது கைக்காரங்களுக்கு இது அப்படியே தலைகீழ்.

கேமராவ மேஜை விளிம்புக்கு ஒரு ஜாண் மேல வெச்சேன், நான் தரையில முட்டி போட்டு உக்காந்தா சரியா அந்த உயரம். அங்க இருந்து பாத்தா குனிஞ்சிருக்கவங்களோட கண்ணு தெரியும், பார்வை எந்த வரியில நிக்குதுன்னு கூட தெரியும். அதுக்கும் கீழ போனா தாடையும் மூக்கும் தான் பெருசா வரும், அதனால அதோட நிறுத்திக்கணும். 50மிமீ லென்ஸ், எஃப் 4, நொடில 125ல ஒரு பங்கு, ஐஎஸ்ஓ 800. எஃப் 1.8ல வெச்சு பாத்தேன், முகம் நல்லா வந்துச்சு, நோட்டு மங்கிடுச்சு, நமக்கு நோட்டு படிக்கிற மாதிரி வேணும், அதனால 4. ஜன்னலுக்கு எதிர் பக்கம் முகத்துல நிழல் அதிகமா இருந்துச்சு, அங்க ஒரு வெள்ளை தெர்மாகோல் ஷீட்ட சாச்சு வெச்சதும் பாதி சரியாச்சு. மீதிய நோட்டே பாத்துக்கிச்சு, விரிச்சு வெச்ச வெள்ளைப் பக்கத்துல பட்ட வெளிச்சம் கீழ இருந்து தாடைக்கும் கண்ணுக்கும் ஏறும், குனிஞ்சு எழுதுறவங்க முகத்துக்கு அது ரொம்ப இதமான வெளிச்சம். பழுப்பு அட்டை புத்தகம் திறந்திருந்தா இது கிடைக்காது.

எடுக்குறதுக்கு முன்னாடி மேஜைய சுத்தம் பண்ணல, ரப்பர் தூளு, மூடி கழட்டி வெச்ச பேனா எல்லாம் அப்படியே இருக்கட்டும்னு விட்டேன், எடுத்ததெல்லாம் அடையாளம் காட்டுற பொருள் தான்: கழுத்துல தொங்குற ஐடி கார்டு, போர்டு ஓரத்துல யாரோ எழுதி வெச்சிருந்த போன் நம்பர், பேப்பர்ல இருந்த பேரும் பதிவு எண்ணும். மார்க் எழுதியிருந்த மூலைய மடிச்சு விட்டோம்.

படம் தேர்ந்தெடுக்குறப்ப சாருக்கும் எனக்கும் கொஞ்சம் வாக்குவாதம். அவருக்கு பிடிச்சது நாலு பேர் கேமராவ பாத்து சிரிக்கிற படம், "சந்தோஷமா இருக்காங்கல்ல, பெத்தவங்களுக்கு அது தான வேணும்"னார். நல்ல படம் தான், ஆனா அதுல இவங்க என்ன பண்ணிட்டு இருக்காங்கன்னு இல்ல, சுற்றுலா போன படம்னு சொன்னாலும் நம்பலாம். நான் பிடிச்சுக்கிட்டது அந்த பொண்ணு படம், அடிச்ச வரி, கீழ மூணு வரி, பேனா இன்னும் தாள விட்டு எடுக்கல, கண்ணு 96 மேல. பின்னாடி மங்கலா ஒரு பையன் பக்கத்து பையனுக்கு ஏதோ விளக்கிட்டு இருக்கான். ரெண்டையும் ஏ4 தாள்ல எடுத்து சாரோட வீட்ல காட்ட சொன்னேன், அடுத்த நாள் அவரே "நோட்டு படம் போட்டுடுங்க, வீட்ல எல்லாரும் அந்த கணக்க போட்டு பாத்தாங்க"ன்னார்.

அப்புறம் லேஅவுட். பேனர் 8 அடிக்கு 4 அடி, இடது பாதி படம், வலது பாதி எழுத்து. முதல் வடிவத்துல, ஒரு வகுப்புக்கு 30 பேர் தான்ங்கிறத எடுப்பா காட்டணும்னு ஒரு வட்டத்துக்குள்ள பெருசா 30ன்னு போட்டு, கீழ சின்னதா "பேர் மட்டுமே ஒரு வகுப்பில்"னு வெச்சிருந்தோம், அந்த வட்டம் படத்தோட மேல் மூலையில முகத்துக்கு பக்கத்துல வந்துச்சு. சோதிக்கிறதுக்கு சென்டருக்கு சம்பந்தமே இல்லாத சிலர்கிட்ட தாள மூணு நொடி காட்டிட்டு திருப்பி வெச்சிட்டு என்ன ஞாபகம் இருக்குன்னு கேட்டேன். ஒருத்தர் "அந்த பொண்ணு 30வது ரேங்க் வாங்கியிருக்கு"ன்னார், இன்னொருத்தரும் கிட்டத்தட்ட அதையே சொன்னார். நாங்க பொய் ஒன்னும் எழுதல, ஆனாலும் பொய் போய் சேந்துடுச்சு. இத்தனை வருஷமா இந்த வகை விளம்பரத்த பாத்து பாத்து, முகத்துக்கு பக்கத்துல எண் இருந்தா அது ரேங்க்னு கண்ணு பழகிடுச்சு. வட்டத்த எடுத்துட்டு, "ஒரு வகுப்புக்கு 30 பேர்"னு முழு வரியா, ஒரே அளவு எழுத்துல, வலது பக்கம் கீழ கொண்டு போனோம். போன் நம்பரையும் படத்து மேல வெக்கல. மறுபடி காட்டுனப்ப ரேங்க்னு யாரும் சொல்லல, "ஏதோ கணக்க அடிச்சு திருத்துறாங்க"ன்னு தான் சொன்னாங்க.

எழுத்து விஷயம். பழைய மாணவர்கள்ல சிலர் நிஜமாவே தேர்வானவங்க இருக்காங்க, அத போடலாமான்னு பேச்சு வந்துச்சு. போடலாம், ஆனா முழுசா போடணும், எந்த வருஷம், எத்தனை பேர் எழுதி எத்தனை பேர் தேர்வானாங்க, அவங்க இங்க படிச்சது முழு வகுப்பா இல்ல கடைசியா ரெண்டு மாதிரித் தேர்வு மட்டுமா. இந்தியாவுல 2024 நவம்பர்ல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கோச்சிங் விளம்பரங்களுக்குன்னே வழிகாட்டு நெறிமுறை கொண்டுவந்தப்ப இதத்தான் கேட்டுச்சு: தேர்வானவங்க பேர், படம் போடணும்னா அவங்க தேர்வான பிறகு எழுத்துல சம்மதம் வாங்கணும், எந்த கோர்ஸ், எவ்ளோ காலம், கட்டணம் கட்டி படிச்சதான்னு சேத்து சொல்லணும், நிபந்தனைய கண்ணுக்கு தெரியாத பொடி எழுத்துல போடாம, சொல்ற பெருமைக்கு என்ன அளவு எழுத்தோ அதே அளவுல போடணும். சாரோட பழைய ரிஜிஸ்டர்ல யார் எந்த கோர்ஸ்னு சரியா இல்ல, அதனால ரிசல்ட் வரியே வேண்டாம்னு விட்டுட்டோம்.

அதுக்கு பதிலா, யார் வேணும்னாலும் வந்து நேர்ல பாத்து சரிபாத்துக்கக்கூடிய மூணு விஷயம்: ஒரு வகுப்புக்கு 30 பேர், சனிக்கிழமை தேர்வு வெச்சு புதன்கிழமைக்குள்ள திருத்தின பேப்பர் கையில, முதல் வாரம் உக்காந்து பாத்துட்டு சேரலாம். புதன்கிழமைங்கிறதுக்கு சார் கொஞ்சம் தயங்கினார், திங்கள்னு போட்டா இன்னும் நல்லா இருக்கும்னு நான் சொன்னேன், "30 பேப்பர திங்கக்குள்ள என்னால ஒழுங்கா பாக்க முடியாது"ன்னார், அந்த பதிலே எனக்கு போதுமா இருந்துச்சு, புதன் தான் அச்சாச்சு.

தலைப்புக்கு முதல்ல வெச்சது "எங்க தப்புன்னு தெரியுற வரைக்கும் விடமாட்டோம்". அர்த்தம் நல்லா தான் இருந்துச்சு, ஆனா பேனர் கணக்குல அடி வாங்கிடுச்சு. ரோட்டுக்கு அந்த பக்கம் இருந்து பாக்குற தூரம் சுமார் 40 அடி. பத்து அடி தூரத்துக்கு ஒரு அங்குல எழுத்துங்கிறது பேனர் போடுறவங்க வழக்கமா வெக்கிற கணக்கு, அப்படி பாத்தா 4 அங்குலம். ஆனா தமிழ் எழுத்துல புள்ளி, கொம்பு, சுழி எல்லாம் இருக்கு, 4 அங்குலத்துல தூரத்துல இருந்து பாத்தா சுழிகள் அடைஞ்சுடுது, நான் 6க்கு கீழ போறதில்ல. 6 அங்குலத்துல அந்த நீள தலைப்ப வெச்சா படத்துக்கு மேல ஏறிடுது. அப்ப தான் சார் வகுப்புல சொன்ன அந்த வார்த்தைய அப்படியே எடுத்தோம்: "தப்பு எங்கன்னு பாத்துடலாம்". மூணு வரியா பிரிச்சா நாலு அடி அகலத்துக்குள்ள 6 அங்குலத்துல நிக்கும். எழுத்தோட தடிமனும் முக்கியம், ரொம்ப தடியான எழுத்துல "ங்", "ன்னு" எல்லாம் ஒரு கருப்பு திட்டா ஆயிடும், நடுத்தரத் தடிமன்ல வெச்சதும் தெளிவாச்சு.

இத பேனர் அடிக்காமயே பாக்க ஒரு வழி இருக்கு. 8 அடி பேனர 40 அடியில இருந்து பாக்குறதும், ஏ4 தாளோட நீள பக்கத்துல அதையே அடிச்சு 5 அடியில இருந்து பாக்குறதும் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்னு தான். தாள சுவத்துல ஒட்டிட்டு அஞ்சு அடி தள்ளி நின்னு படிச்சு பாத்தேன். தலைப்பு வந்துச்சு, கோடு போட்டு அடிச்சது தெரிஞ்சுது, 100 → 120 → 96 மட்டும் கஷ்டமா இருந்துச்சு, அதனால படத்த நோட்டு பக்கமா கொஞ்சம் நெருக்கி வெட்டினேன், பின்னாடி இருந்த பையன் பாதி போயிட்டான், பரவால்லன்னு விட்டேன். ஃபைல் அனுப்பும்போது இங்க்ஸ்கேப்ல `Path > Object to Path` குடுத்து எழுத்த எல்லாம் வடிவமா மாத்திட்டு தான் அனுப்பினேன், அடிக்கிற இடத்துல அந்த ஃபான்ட் இல்லைன்னா கொம்பும் காலும் இடம் மாறி விழும். மாத்துறதுக்கு முன்னாடி ஒரு காப்பி தனியா வெச்சுக்கணும், மாத்துனப்புறம் எழுத்துப்பிழை திருத்த முடியாது. 24 மெகாபிக்சல் படத்துல வெட்டினது போக மிச்சம் இருந்தது பாதி பேனருக்கு தாராளமா போதுமா இருந்துச்சு.

நோட்டீஸ் ஏ5 அளவு. அதே படம், ஆனா கைல வெச்சு படிக்கிறதால கணக்கு கேள்விய முழுசா கீழ போட்டோம், பின்பக்கம் இன்னும் ரெண்டு கணக்கு, "விடை பாக்க வகுப்புக்கு வாங்க"ன்னு இல்லாம, விடைய அடுத்த மடிப்புக்குள்ளயே குடுத்துட்டோம். அச்சுல ஒரு சின்ன குறை, திரையில பாத்தத விட தாள்ல முகம் இருண்டு வந்துச்சு, மாதிரி அச்சு ஒன்னு பாத்ததால தெரிஞ்சுது, படத்தோட நடு வெளிச்சத்த கொஞ்சம் ஏத்தி குடுத்ததும் சரியாச்சு. இந்த வேலையில பெரிய செலவு அச்சு தான், போட்டோவுக்கு போனது ஒரு காலை நேரமும் ஒரு தெர்மாகோல் ஷீட்டும், அதனால மாதிரி அச்சுல மிச்சம் பிடிக்கக்கூடாது.

மாட்டின பிறகு விசாரிக்க வந்தவங்க ரேங்க் எத்தனைன்னு கேக்குறது நிக்கல, அத சாரே நேர்ல முழு விவரத்தோட சொல்லிடறார். புதுசா வந்த கேள்வி "புதன்கிழமை பேப்பர் நிஜமா குடுப்பீங்களா"ங்கிறது. அதுக்கு அவர் போன வார பேப்பர் கட்ட எடுத்து காட்டுறார்.

அடுத்த தடவை மாத்த வேண்டியது ரெண்டு. நோட்டுல எழுதுறதுக்கு நீல பேனாவுக்கு பதிலா கருப்பு, கொஞ்சம் தடி முனை, 0.7க்கு பதிலா 1.0, தூரத்துல எண்கள் இன்னும் நல்லா தெரியும். இன்னொன்னு, சார் ரிஜிஸ்டர்ல கோர்ஸ், சேந்த தேதி, முடிச்ச தேதி, எழுதின தேர்வுன்னு நாலு கட்டம் இப்பவே போட்டு வெச்சிருக்கோம், அடுத்த வருஷம் யாராவது தேர்வாகி அவங்களும் சம்மதிச்சா, எத்தனை பேருக்கு எத்தனை பேர்னு முழு வரிய அதுல இருந்து எடுத்து போட்டுடலாம்.